வாட்ச்சின் கிலோமீட்டரும் சாலையின் கிலோமீட்டரும்

ஒவ்வொரு ஜனவரியிலும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும் ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் பரிசுக்காக ஓடுவதில்லை. அவர்கள் துரத்துவது ஒரு நேரத்தை. முழு மாரத்தான் ஓடுபவருக்கு 4 மணி நேரம், 10 கிலோமீட்டர் ஓடுபவருக்கு ஒரு மணி நேரம், பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் தொடங்கும் அரை மாரத்தான்காரருக்கு 2 மணி நேரம் என்று ஆளுக்கொரு எண் மனதில் இருக்கும். இந்த மூன்றாவது இலக்கையே எடுத்துக்கொள்வோம். அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். 2 மணி நேரம் என்றால் 7200 விநாடி. வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 341.27 விநாடி, அதாவது 5 நிமிடம் 41 விநாடி. ஓடுபவர்கள் இதைப் ‘பேஸ்’ என்பார்கள். கணக்கு அவ்வளவுதான், இனி வாட்ச்சில் 5:41 தெரியும்படி ஓடினால் போதும் என்று தோன்றும். ஆனால் 5:41 என்று வாட்ச் காட்டக் காட்ட நேர்த்தியாக ஓடி முடித்தவர், முடிவுக்கோட்டுக் கடிகாரத்தில் 2 மணி 1 நிமிடத்தைப் பார்ப்பது சர்வசாதாரணம். வகுத்ததில் பிழையில்லை. வகுக்க எடுத்துக்கொண்ட எண்தான் அந்த வாட்ச்சுக்குப் பொருந்தாத எண்.

அதற்குள் போகுமுன் கால்குலேட்டர் செய்யும் ஒரு சின்னக் குறும்பைச் சொல்லிவிட வேண்டும். விநாடியாக மாற்றாமல் 120 நிமிடத்தை 21.0975ஆல் வகுத்தால் 5.69 என்று வரும். இதை 5 நிமிடம் 69 விநாடி என்றோ, அதைத் திருத்தி 6 நிமிடம் 9 விநாடி என்றோ வாசிப்பவர்கள் உண்டு. நிமிடம் அறுபதில் நடக்கிறது, தசமம் நூறில் நடக்கிறது. புள்ளிக்குப் பின்னுள்ள 0.69ஐ 60ஆல் பெருக்கினால்தான் 41 விநாடி கிடைக்கும். இன்னொன்று, மீதி வரும் பின்னத்தை எப்போதும் கீழ்ப்பக்கமாகவே முழுமையாக்க வேண்டும். 341.27ஐ 342 ஆக்கிக்கொண்டு 5:42இல் ஓடினால் மொத்த நேரம் 2 மணி 15 விநாடி. கிலோமீட்டருக்கு ஒரு விநாடிகூட இல்லாத இந்தத் தாராளம் இலக்கைத் தவறவிடப் போதும்.

கார், பஸ் எல்லாவற்றையும் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அளக்கும் நாம், ஓட்டத்தை மட்டும் ஏன் தலைகீழாக, கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று அளக்கிறோம்? அது வெறும் பழக்கமல்ல. பந்தயத்தில் மாறாமல் நிற்பது தூரம். மாறுவது நேரம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆன நேரத்தை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் மொத்த நேரம் வந்துவிடும், அதனால் பேஸுக்கு நேரடியாகச் சராசரி எடுக்கலாம். வேகத்துக்கு அப்படி எடுக்க முடியாது. ஜிம்மில் டிரெட்மில்லைப் பார்த்துப் பழகிய ஒருவர், முதல் பாதி தூரத்தை மணிக்கு 12 கிலோமீட்டரிலும் அடுத்த பாதியை 9 கிலோமீட்டரிலும் ஓடினால் சராசரி 10.5, ஆகவே 2 மணி நேரத்தைவிட அரை நிமிடம்தான் கூடும் என்று நினைப்பார். உண்மையில் ஆகும் நேரம் 2 மணி 3 நிமிடம். மெதுவான பாதியில் அவர் அதிக நேரம் செலவிடுகிறார், அதனால் அந்த 9க்கு எடை கூடிவிடுகிறது. இதையே பேஸாகச் சொன்னால் 5:00, 6:40. இரண்டின் சராசரி 5:50. அதை 21.0975ஆல் பெருக்கினால் அதே 2 மணி 3 நிமிடம் பிசகாமல் வரும்.

இனி வகுக்கும் எண்ணுக்கு வருவோம். 21.0975 என்பது யார் அளந்த தூரம்? சர்வதேச விதிப்படி சாலைப் பந்தயப் பாதையை அளக்கும் கருவி செயற்கைக்கோள் அல்ல, சைக்கிள். அதன் முன்சக்கரத்தில் ‘ஜோன்ஸ் கவுன்ட்டர்’ என்னும் சிறு எண்ணி பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் சுழலச் சுழல அது எண்ணும். முதலில், நீளம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நேர்சாலையில் ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண் என்று கணித்துக்கொள்வார்கள். டயரின் காற்று வெப்பத்தில் விரிந்து சுருங்கும் என்பதால் அளந்து முடித்த பிறகும் அதே நேர்சாலையில் மறுபடி சரிபார்ப்பார்கள். பாதையில் ஓட்டும்போது வளைவுகளில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓர் ஓட்டக்காரர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே ஓட்ட வேண்டும். அளவில் பிழை நேர்ந்து பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டியும் வைப்பார்கள். ஆகவே இப்படி அளந்த அரை மாரத்தான் பாதையில் 21 மீட்டர் வேண்டுமென்றே கூடுதலாக இருக்கும். 5:41 பேஸில் அந்த 21 மீட்டருக்கு 7 விநாடி. மிகக் குறுகிய வழியில் ஒரு அடிகூடப் பிசகாமல் ஓடுபவருக்கும் இந்த 7 விநாடி செலவாகும்.

அந்த வழியில் யாரும் ஓடுவதில்லை என்பது அடுத்த சங்கதி. வளைவை எவ்வளவு அகலமாக எடுக்கிறோமோ அவ்வளவு தூரம் கூடும். இது பள்ளிக்கூட வடிவியல்தான்: அரைவட்டத் திருப்பம் ஒன்றில் உள்விளிம்பிலிருந்து 4 மீட்டர் விலகி ஓடினால் 12.6 மீட்டர் கூடும், செங்கோணத் திருப்பம் ஒன்றில் 6.3 மீட்டர். சாலையின் ஒரு பக்கத்தில் போய், யு-டர்ன் அடித்து மறுபக்கத்தில் திரும்பி வரும் ஓட்டங்களில் திருப்பத்தின் உள்விளிம்புக்குத்தான் எல்லோரும் முண்டியடிப்பார்கள், பலர் வெளியே தள்ளப்படுவார்கள். போதாக்குறைக்கு முதல் இரண்டு கிலோமீட்டரில் மெதுவாகப் போகிறவர்களைச் சுற்றிச் சுற்றி முந்துவது, தண்ணீர் மேஜை இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கத்திலிருந்து ஓடி வருவது. இவையெல்லாம் சேர்ந்தும், ஓரளவு கவனமாக ஓடுபவருக்கு நூறு மீட்டருக்கு மேல் கூடுவது அபூர்வம். ஆனாலும் முடிவில் வாட்ச் 21.3 கிலோமீட்டர் என்று காட்டும். மீதி எங்கிருந்து வந்தது?

அந்த மீதி வாட்ச்சே உண்டாக்கியது. ஜிபிஎஸ் வாட்ச் உங்கள் ஓட்டத்தை அளப்பதில்லை. விநாடிக்கொரு முறையோ சில விநாடிகளுக்கொரு முறையோ, நீங்கள் இருக்கும் இடம் இது என்று ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளை இணைக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் சில மீட்டர் பிழை இருக்கும், ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம். காமராஜர் சாலை போன்ற நேர்சாலையில் அம்புபோலப் போனாலும் பதிவாகும் கோடு சற்று நெளிந்திருக்கும். இரு இடங்களுக்கிடையே நேர்கோடுதான் ஆகக் குறுகியது. ஆகவே பிழை எந்தப் பக்கம் விழுந்தாலும் கோடு நீளவே செய்யும். பிழைகள் ஒன்றையொன்று சமன்செய்து அடிபட்டுப்போகும் என்று நாம் எதிர்பார்ப்பது இடத்தைப் பொறுத்தவரை சரி, தூரத்தைப் பொறுத்தவரை தவறு. வாட்ச் தயாரிப்பாளர்கள் இந்த நெளிவை மென்மையாக்கிக் குறைக்கிறார்கள், முழுக்க நீக்க முடிவதில்லை. மேம்பாலத்துக்கு அடியிலோ தி.நகர் உஸ்மான் சாலையில் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலோ ஓடினால் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும், நெளிவு மிகும்.

இதில் ஒரு விதிவிலக்கு சென்னைக்காரர்களுக்கு முக்கியம். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகர் பனகல் பூங்கா போன்ற இடங்களில் மரநிழலில் சின்னச் சின்னச் சுற்றாகப் பயிற்சி எடுப்பவர்களுக்கு இந்தப் பிழை எதிர்த்திசையிலும் வேலை செய்யக்கூடும். அடிக்கடி வரும் வளைவுகளில் வாட்ச் இரு புள்ளிகளை நேராக இணைத்து மூலையை வெட்டிவிடும். உண்மையில் ஓடியது கூடுதல், பதிவானது குறைவு. அதனால் பூங்காவில் காட்டும் பேஸ் உங்கள் உண்மையான வேகத்தைவிட மந்தமாகவும், கடற்கரைச் சாலையில் காட்டுவது விரைவாகவும் தெரியும். பூங்காவிலிருந்து கடற்கரைக்கு வந்த முதல் நாளே வேகம் கூடிவிட்டதாக மகிழ்வதற்கு முன், 400 மீட்டர் ஓடுதளம் ஒன்றில் உள்தடத்தில் ஓடிப் பார்ப்பது நல்லது. 5:41 பேஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 16½ விநாடி. இதற்கு ஜிபிஎஸ் தேவையில்லை, சாதாரண ஸ்டாப்வாட்ச் போதும்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடலாம். உங்கள் வாட்ச் இந்தப் பாதையை 21.3 கிலோமீட்டராக அளக்கும் என்றால், அது காட்டும் பேஸும் அதனுடைய குட்டைக் கிலோமீட்டருக்கான பேஸ்தான். 5:41ஐ 21.3ஆல் பெருக்கினால் 7263 விநாடி, அதாவது 2 மணி 1 நிமிடம் 3 விநாடி. முதலில் சொன்ன அந்த ஒரு நிமிடம் இங்கேதான் ஒளிந்திருந்தது. 2 மணிக்குள் வர வேண்டுமென்றால் 7200ஐ 21.3ஆல் வகுக்க வேண்டும்: 5:38. இதிலும் தண்ணீருக்காகக் குறையும் வேகம் சேரவில்லை. 5 மேஜைகளில் தலா 10 விநாடி இழக்கிறீர்கள் என்று வைத்தால் ஓடக் கிடைப்பது 7150 விநாடிதான், பேஸ் 5:35. ஆக, காகிதத்தில் 5:41, வாட்ச்சில் 5:35. இந்த 6 விநாடி வித்தியாசம் ஒரே இலக்குக்கான இரண்டு சரியான எண்களுக்கு இடையில் உள்ளது. ஒன்று சாலையின் மொழி, மற்றது வாட்ச்சின் மொழி.

இதற்கெல்லாம் எதற்கு இவ்வளவு அலட்டல், 2 மணிக் கொடி பிடித்து ஓடும் பேஸர் பின்னால் போனால் ஆகாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் ஆகும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். காலில் அல்லது எண்பட்டையில் உள்ள சிப், நீங்கள் தொடக்கக்கோட்டு விரிப்பை மிதிக்கும்போதுதான் எண்ணத் தொடங்குகிறது. பேஸர் கோட்டைக் கடந்து அரை நிமிடம் கழித்து நீங்கள் கடந்திருந்தால், அவரைவிட அரை நிமிடம் பின்னால் வந்து முடித்தாலும் உங்கள் நேரம் அவருடைய நேரம்தான். இது தெரியாமல் முதல் இரண்டு கிலோமீட்டருக்குள் அவரைப் பிடித்துவிடப் பாய்ந்தால், அந்த இரண்டும் கிலோமீட்டருக்கு 15 விநாடி வேகமாக ஓடப்பட்டிருக்கும். அந்தச் செலவு 16ஆவது கிலோமீட்டரில் தெரியவரும்.

இன்னும் வலுவான ஆட்சேபணை ஒன்று உண்டு. சென்னை வெயில் ஊர், விடியற்காலைக் குளிர்ச்சியிலேயே வேகமாக ஓடி நேரத்தைச் சேமித்து, வெயில் ஏறியதும் அதைச் செலவழிப்பதுதானே புத்திசாலித்தனம், சீரான பேஸ் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்களுக்கு என்பார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, ஆனால் நேரத்தோடு வைத்துப் பார்த்தால் அரை மாரத்தானுக்கு இது பொருந்தவில்லை. ஜனவரி தொடக்கத்தில் சென்னையில் சூரியன் உதிப்பது காலை 6:30ஐ ஒட்டி. 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்கு முடிப்பவர் முக்கால்வாசி நேரம் இருட்டில் ஓடுகிறார். இரவு நேரத்தில் வெப்பம் மெல்ல இறங்கி, உதயத்தை ஒட்டித்தான் ஆகக் குறைவாகிறது. ஆக, 5 மணி 6 மணியைவிடக் குளிர்ச்சியானதல்ல. சேமிப்பதற்கான குளிர்ச்சி தொடக்கத்தில் தனியாக இல்லை. 4 மணிக்கு முழு மாரத்தான் தொடங்கி 5 மணி நேரம் ஓடுபவருக்கு இந்த வாதம் உயிர் பெறும். அவருக்குக் கடைசி இரண்டரை மணி நேரம் வெயிலில்தான்.

இருட்டிலும் நம்மை வாட்டுவது வேறொன்று: காற்றின் ஈரம். ஓடும் உடலில் உண்டாகும் வெப்பத்தின் பெரும்பங்கு வியர்வை ஆவியாவதால்தான் வெளியேறுகிறது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. வெப்பத்தை வெளியேற்ற உடல் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்புகிறது, தசைக்குப் போக வேண்டிய பங்கில் கைவைக்கிறது, இதயத் துடிப்பு அதே பேஸிலேயே படிப்படியாக ஏறுகிறது. வேகமாகத் தொடங்கினால் இந்த ஏற்றம் முன்கூட்டியே வரும். ஆகவே ஈரக்காற்று, தொடக்கத்தில் அடக்கி வாசிப்பதற்கே காரணம் தருகிறது. உலகச் சாதனைகளைக் காட்டி எதிர்வாதம் செய்பவர்களுக்கு இரண்டு பக்கமும் சான்று கிடைக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022இல் பெர்லினில் முழு மாரத்தானை 2:01:09இல் ஓடிய எலியுட் கிப்சோகே முதல் பாதியை 59:51இலும் இரண்டாம் பாதியை 61:18இலும் முடித்தார். அடுத்த ஆண்டு சிகாகோவில் 2:00:35 ஓடிய கெல்வின் கிப்டமின் பாதிகள் 60:48, 59:47. முதலாமவர் முன்னால் வேகம், பின்னவர் பின்னால் வேகம். ஆனால் இருவருக்கும் இரு பாதிகளுக்கிடையே இருந்த வித்தியாசம் ஒன்றரை நிமிடத்துக்குள்தான். முதல் பாதியை 55 நிமிடத்தில் முடித்து 2 மணி இலக்குக்கு 5 நிமிடம் ‘சேமிக்கும்’ திட்டத்துக்கு இந்த இரண்டுமே ஆதாரமாகாது.

எந்த பேஸும் அதற்குப் பின்னால் உள்ள இலக்கு நியாயமாக இருந்தால்தான் செல்லும். இங்கே உதவுவது பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் வெளியிட்ட எளிய சூத்திரம்:

T2 = T1 × (D2 / D1)^1.06

தெரிந்த ஓட்டத்தின் தூரம் D1, நேரம் T1. கணிக்க வேண்டிய ஓட்டத்தின் தூரம் D2, நேரம் T2. அடுக்கு 1 ஆக இருந்திருந்தால் எவ்வளவு தூரமானாலும் ஒரே பேஸ் என்றாகிவிடும். கூடுதலாக உள்ள 0.06தான் களைப்பின் விலை. 10 கிலோமீட்டரை 54 நிமிடத்தில் ஓடக்கூடியவருக்கு இது அரை மாரத்தானில் 1:59:09 என்கிறது. 2 மணி இலக்கு நியாயமானது, ஆனால் மிச்சம் ஒரு நிமிடம்கூட இல்லை. அதே 10 கிலோமீட்டர் 57 நிமிடமென்றால் எந்த வாட்ச் வித்தையும் காப்பாற்றாது. இந்த ரீகல்தான் பந்தயப் பாதைகளை சைக்கிளால் அளக்கும் முறையைப் பரப்பியவர்களிலும் முக்கியமானவர். பேஸ் கணக்கின் மேலே உள்ள எண்ணுக்கும் கீழே உள்ள எண்ணுக்கும் ஒரே ஆள் கவலைப்பட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த பொருத்தம். சூத்திரத்துக்கு ஒரு வரம்பு உண்டு: அதற்கு வானிலை தெரியாது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவின் காற்றில் ஓடிய 10 கிலோமீட்டரைக் கொண்டு அடையாற்றில் ஓடப்போகும் அரை மாரத்தானைக் கணிக்கக் கூடாது. இதே கடலோரத்தில், இதே விடியற்காலை நேரத்தில் ஓடிய நேரத்தைத்தான் உள்ளே போட வேண்டும். அப்போது ஈரக்காற்றின் விலையும் அதனுள்ளேயே அடங்கிவிடும்.

சரி, ஓடும்போது எதைப் பார்ப்பது? வாட்ச்சின் கணநேர பேஸை அல்ல. நெளியும் புள்ளிகளைக் கொண்டு சில விநாடிகளுக்குக் கணிக்கப்படும் அந்த எண் 5:20க்கும் 6:00க்கும் இடையே துள்ளிக்கொண்டே இருக்கும். நான் பரிந்துரைப்பது இதைவிடப் பழைய முறை: சாலையோரக் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போது மொத்தம் ஆன நேரம் என்ன என்று பார்ப்பது. பலகைகள் சாலையின் அளவில் நிற்பவை, வாட்ச்சின் குட்டைக் கிலோமீட்டர் அங்கே செல்லாது. அகலமாக எடுத்த திருப்பமும் தண்ணீர் மேஜையில் போன விநாடிகளும் ஏற்கெனவே அந்த மொத்த நேரத்துக்குள் இருக்கின்றன. ஆகவே இங்கே 5:38, 5:35 என்ற திருத்தங்களே வேண்டாம், முதலில் வகுத்து வந்த 341.27 அப்படியே செல்லும். 5 கிலோமீட்டரில் 28:26, பத்தில் 56:53, பதினைந்தில் 1:25:19, இருபதில் 1:53:45. வாட்ச்சில் தானாக லேப் விழுவதை நிறுத்திவிட்டு, பலகைக்குப் பலகை நீங்களே பொத்தானை அழுத்துங்கள். பலகை இடம் மாறி வைக்கப்பட்டிருக்கலாமே என்றால், இருக்கலாம். ஒரு கிலோமீட்டர் 5:20, அடுத்தது 6:02 என்று வந்தால், மூச்சில் மாற்றம் எதுவும் தெரியாதபோது, இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இரு கிலோமீட்டருக்கு 11:22 வந்தால் தவறு நடுவில் உள்ள பலகையின் இடத்தில், உங்கள் காலில் அல்ல.

இந்த நான்கு நேரங்களையும் மணிக்கட்டில் எழுதிக்கொண்டு போனால், மற்ற மூன்றையும்விட 10 கிலோமீட்டர் பலகையில் உள்ளதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே 45 விநாடி பின்தங்கியிருந்தால், மீதித் தூரத்தை 5:37இல் ஓடினால் ஈடுகட்டிவிடலாம், கிலோமீட்டருக்கு 4 விநாடிதான் கூடுதல் உழைப்பு. அதே 45 விநாடித் தாமதத்தை 20 கிலோமீட்டர் பலகையில் கண்டுபிடித்தால், மீதமுள்ள 1097 மீட்டரை 5:00 பேஸில் ஓட வேண்டியிருக்கும்.